காணொளி நேர்காணலில் பார்வை விலகுவது ஏன்? அறிகுறியைக் கொண்டு குறையைக் கண்டறியும் வழிமுறை

நேர்காணல் முடிந்து தேர்வுக் குழுவினர் தங்களுக்குள் பேசிக்கொள்ளும்போது, "பதில்கள் நன்றாக இருந்தன, ஆனால் நம்மைப் பார்த்துப் பேசவே இல்லை" என்று யாராவது ஒருவர் சொல்வதைப் பல முறை கேட்டிருக்கிறேன். அந்த விண்ணப்பதாரர் எங்கள் முகங்களைத்தான் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்திருப்பார். ஆனால் அவர் பார்த்த முகம் அவருடைய திரையின் நடுவில் இருந்தது. எங்களுக்குக் கண்ணாக அமைந்த கேமராவோ திரையின் மேல் விளிம்பில் இருந்தது. இரண்டுக்கும் இடைப்பட்ட சில சென்டிமீட்டர் தூரமே மறுமுனையில் தயக்கமாகவும் சில வேளைகளில் அலட்சியமாகவும் தோன்றிவிடுகிறது.

அண்மையில் என் அக்கா மகள் ஓர் இரண்டாம் சுற்று நேர்காணலுக்கு ஆயத்தமானபோது இதே குறையைச் சரிசெய்ய உட்கார்ந்தோம். ஒன்றைத் திருத்தியதும் அடுத்தது முளைத்தது. பார்வையைத் திருத்தியபோது ஒளி கெட்டது, ஒளியைத் திருத்தியபோது மூக்குக்கண்ணாடி மின்னியது, கடைசியில் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஆயிற்று. அந்த வரிசையிலேயே இங்கும் சொல்கிறேன்.

முதலில் குறையைப் பதிவில் பிடியுங்கள்

கேமரா செயலியைத் திறந்து அதில் தெரியும் உங்கள் முகத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அது இணையத்தின் வழியே போய்வராத படம். இடம் வலம் மாறிக் கண்ணாடியில் தெரிவதுபோலவும் இருக்கலாம். நேர்காணலுக்குப் பயன்படப்போகும் அதே செயலியில் ஒரு கூட்டத்தைத் தொடங்கி, வேறோர் அறையிலிருந்து இன்னொருவரை இன்னொரு கணினியில் இணையச் சொல்லி, அவர் பக்கத்தில் இரண்டு நிமிடம் பதிவு செய்யச் சொல்லுங்கள். நேர்காணல் நடக்கவிருக்கும் அதே மணி நேரத்தில், அதே நாற்காலியில் உட்கார்ந்து, உண்மையான கேள்வி ஒன்றுக்குப் பதில் சொல்லுங்கள். "ஒன்று, இரண்டு, மூன்று" என்று எண்ணிக்கொண்டிருந்தால் கண்கள் இயல்பாக அலையமாட்டா.

பதிவை முதலில் ஒலியை நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் பாருங்கள். பிறகு திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஒலியை மட்டும் கேளுங்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நம் முகத்தின் மீதுள்ள கூச்சத்திலேயே கவனம் போய்விடும். ஒலியின் குறை காதில் விழாது.

அறிகுறி: கீழே பார்த்துக்கொண்டே பேசுவதுபோல் தெரிகிறது

எங்கள் முதல் பதிவில் தெரிந்தது இதுதான். "சித்தி, நான் உங்களைத்தானே பார்த்துக்கிட்டு இருந்தேன்!" என்றாள். அளந்து பார்த்தோம். அவள் கண்ணுக்கும் திரைக்கும் இடையே 45 சென்டிமீட்டர். திரையை முழுவதும் நிறைத்திருந்த சாளரத்தில் என் கண்கள், கேமராவுக்கு 11 சென்டிமீட்டர் கீழே இருந்தன. கணக்கிட்டால் அவள் பார்வை கேமராவிலிருந்து ஏறத்தாழ 14 பாகை தாழ்ந்திருந்தது.

எவ்வளவு விலகினால் கண்ணுக்குப் படும் என்பதை மில்டன் சென் என்ற ஆய்வாளர் 2002இல் வெளியிட்ட ஆய்வில் ஆராய்ந்திருக்கிறார். பார்வை இடப்புறமோ வலப்புறமோ மேலேயோ சற்று விலகினாலும் எதிரில் இருப்பவர் சட்டென்று கண்டுகொள்கிறார். ஆனால் கீழ்நோக்கி விலகும்போது ஏறத்தாழ 5 பாகை வரை தம்மைப் பார்ப்பதாகவே எடுத்துக்கொள்கிறார். கேமரா திரைக்கு மேலே இருப்பது நமக்குக் கிடைத்த நல்வாய்ப்பு என்றே சொல்ல வேண்டும். பக்கவாட்டில் இருந்தால் இந்தச் சலுகை கிடைக்காது.

அந்த 5 பாகை என்பது 60 சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்தால் திரையில் சுமார் 5 சென்டிமீட்டர். 75 சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்தால் ஆறரை சென்டிமீட்டர். ஆகவே செய்ய வேண்டியவை இரண்டு. பேசுபவரின் முகத்தைக் கேமராவுக்கு அருகே கொண்டுபோக வேண்டும்; நாம் சற்றுப் பின்னால் போக வேண்டும். கூட்டச் சாளரத்தை முழுத்திரையிலிருந்து விடுவித்து, உள்ளங்கை அளவுக்குச் சுருக்கி, கேமராவுக்கு நேர் கீழே திரையின் மேல் விளிம்பை ஒட்டி நிறுத்தினோம். நாற்காலியை 65 சென்டிமீட்டருக்குப் பின்னால் நகர்த்தினோம். என் கண்கள் இப்போது கேமராவுக்கு 5 சென்டிமீட்டர் கீழே இருந்தன. விலகல் நான்கரை பாகைக்கும் குறைந்தது. அடுத்த பதிவில் அவள் என்னையே பார்த்தாள். கண் செய்யும் வேலையில் எந்த மாற்றமும் இல்லை என்பதுதான் இதில் வியப்பு.

குழுவில் மூவர் இருந்தால் மூன்று கட்டங்கள் பக்கம் பக்கமாக வரும். ஓரத்தில் இருப்பவரைப் பார்க்கும்போது பார்வை பக்கவாட்டில் விலகும். பேசுபவரை மட்டும் பெரிதாகக் காட்டும் காட்சிமுறைக்கு மாறிக்கொண்டால் யார் பேசினாலும் அவர் முகம் அதே இடத்துக்கு வரும். உங்கள் முகம் தெரியும் சிறு கட்டத்தையும் மறைத்துவிடுங்கள், ஏனெனில் கண் தன்னையறியாமல் அங்கே ஓடும். Zoom செயலியில் உங்கள் படத்தின் மேல் உள்ள பட்டியலில் Hide Self View என்று இருக்கும். இதனால் உங்கள் படம் மற்றவர்களுக்கு மறையாது. படம் எப்படி அமைந்திருக்கிறது என்பதைச் சரிபார்த்த பிறகே இதைச் செய்யுங்கள்.

"எப்போதும் கேமராவையே பாருங்கள்" என்ற அறிவுரையை நான் ஏற்பதில்லை. அப்படிப் பார்ப்பவர் எதிரில் இருப்பவர் தலையசைப்பதையும், குறுக்கிட வாயெடுப்பதையும் தவறவிட்டு, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தாமல் பேசிக்கொண்டே போகிறார். பதிலின் முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் கேமராவை நோக்கிச் சொல்லிவிட்டு, இடையில் அதன் அடியில் உள்ள முகத்தைப் பார்த்தால் போதும்.

குறிப்புகளைப் படிப்பவர்களை எளிதில் கண்டுபிடித்துவிட முடிகிறது. அவர்களுடைய கண் இடமிருந்து வலமாக ஓடி, மீண்டும் இடத்துக்குத் தாவும். குறிப்பு அவசியம் என்றால் முழு வாக்கியங்களாக எழுதாதீர்கள். நான்கைந்து சொற்களைப் பெரிய எழுத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒடுங்கிய பத்தியில் எழுதிக் கூட்டச் சாளரத்தை ஒட்டி வையுங்கள்.

இரண்டு திரை வைத்திருப்பவர்களிடம் வரும் அறிகுறி வேறு. அவர்கள் பேசும்போது முகத்தின் பக்கவாட்டுத் தோற்றம்தான் தெரியும். கேமரா எந்தத் திரையில் இருக்கிறதோ அந்தத் திரையில்தான் கூட்டச் சாளரம் இருக்க வேண்டும். நிரல் எழுதும் சுற்றில் மற்றத் திரையைப் பார்த்தே ஆக வேண்டுமென்றால், "நிரல் என் இடப்பக்கத் திரையில் இருக்கிறது, அங்கே பார்த்துக்கொண்டு பேசுவேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். காரணம் தெரிந்த விலகலை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

அறிகுறி: முகவாயும் மூக்குத்துவாரமும் விட்டமும் தெரிகின்றன

மேசையில் வைத்த மடிக்கணினியின் கேமரா, நிமிர்ந்து உட்கார்ந்தவரின் கண்ணைவிடத் தாழ்வாகவே இருக்கும். எங்கள் அளவில் அது 25 சென்டிமீட்டர். 45 சென்டிமீட்டர் தூரத்தில் இது ஏறத்தாழ 29 பாகை சாய்வு. கேமரா கீழிருந்து அண்ணாந்து பார்க்கிறது. முகம் சட்டத்துக்குள் வருவதற்காகத் திரையைப் பின்னால் சாய்க்கிறோம். விட்டமும் அதிலுள்ள விளக்கும் படத்துக்குள் வந்துவிடுகின்றன.

மடிக்கணினியின் அடியில் தடித்த புத்தகங்களை அடுக்கி, லென்ஸ் கண்ணின் மட்டத்துக்கு வரும்வரை உயர்த்துங்கள். இரண்டு, மூன்று சென்டிமீட்டர் மேலே போனாலும் பாதகமில்லை. உயர்த்திய பிறகு திரை ஏறத்தாழச் செங்குத்தாக நிற்க வேண்டும். அடுக்கை விரலால் தட்டிப் பாருங்கள். படம் நடுங்கினால் அடிப்புத்தகம் போதிய அகலம் இல்லை என்று பொருள். அந்த உயரத்தில் தட்டச்சு செய்ய முடியாது என்பதால், எழுதிக்காட்ட வேண்டிய சுற்றுக்குத் தனி விசைப்பலகை தேவைப்படும்.

மூக்கு பெருத்தும் காதுகள் பின்வாங்கியும் தெரிந்தால் கேமராவைக் குறை சொல்ல வேண்டாம். அகன்ற கோணத்தில் படம் பிடிக்கும் சிறு லென்ஸுக்கு மிக அருகில் உட்கார்ந்திருக்கிறீர்கள்; அவ்வளவுதான். முன்பு சொன்ன 60 முதல் 70 சென்டிமீட்டர் தூரம் இதையும் தீர்த்துவிடும். கண்கள் படத்தின் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் இருக்கட்டும். உச்சந்தலைக்கு மேல் சிறிது வெற்றிடமும், கீழே நடுமார்பு வரையும் தெரிந்தால், கை அசைவும் ஓரளவு படத்துக்குள் வரும்.

பத்தாவது நிமிடத்தில் மறுபடி ஒரு முறை பதிவு செய்யுங்கள். தொடக்கத்தில் நிமிர்ந்திருந்தவர் அதற்குள் நாற்காலியில் சரிந்து, தலை மட்டும் படத்தின் அடியில் மிதந்துகொண்டிருப்பார். அப்படிச் சரிந்து உட்காரும் நிலைதான் உங்கள் இயல்பு என்றால், கேமராவின் உயரத்தை அதற்கேற்ப அமைப்பதே நல்லது.

அறிகுறி: முகம் இருண்டு, புள்ளி புள்ளியாக, அசைந்தால் கலங்கித் தெரிகிறது

பின்னால் நகர்ந்தபோது எங்களுக்கு வந்த இரண்டாவது குறை இது. அதுவரை அவள் முகத்துக்கு வெளிச்சம் தந்துகொண்டிருந்தது பெரும்பாலும் திரைதான் என்று அப்போதுதான் தெரிந்தது. தூரம் 45இலிருந்து 65 சென்டிமீட்டர் ஆனதும் முகத்தில் விழுந்த திரை ஒளி ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிட்டது. வெளிச்சம் போதாதபோது கேமரா தானாகவே இரண்டு காரியம் செய்யும். வரும் சமிக்ஞையைப் பெருக்கும்; அதனால் புள்ளிகள் தோன்றும். ஒவ்வொரு படத்துக்கும் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ளும். அதனால் நொடிக்கு 30 படங்கள் என்பது 15 வரை குறைந்து, உதடும் கையும் கலங்கும். கேமரா அமைப்பில் வெளிச்சத்தைக் கூட்டும் பட்டையை நகர்த்துவது புள்ளிகளைத்தான் கூட்டும். இதற்கு மருந்து வெளிச்சம் மட்டுமே.

மேசை விளக்கை நேராக முகத்தில் அடிக்காதீர்கள். மடிக்கணினிக்குப் பின்னால் வெளிர்நிறச் சுவர் இருந்தால் விளக்கைச் சுவரை நோக்கித் திருப்புங்கள். சுவரே பெரிய விளக்காக மாறி, நிழல் விழாத மென்மையான ஒளியைத் திருப்பித் தரும். நாங்கள் செய்தது இதைத்தான். தலைக்கு நேர் மேலே உள்ள விட்ட விளக்கு மட்டும் எரிந்தால் கண்குழிகளில் நிழல் விழும். கேமராவை நேராகப் பார்த்தாலும் கண்கள் தெரியாமல் போகும்.

முகம் வெறும் கரிய உருவமாகத் தெரிந்தால் பின்னால் ஜன்னல் இருக்கிறது என்று பொருள். கேமரா படம் முழுவதன் வெளிச்சத்தையும் கணக்கிட்டு ஜன்னலுக்கேற்ப அளவைக் குறைத்துவிடுகிறது. மேசையைத் திருப்பிப் போட்டு ஜன்னலை உங்கள் எதிரிலோ சற்றுப் பக்கவாட்டிலோ வைத்துக்கொள்ளுங்கள். திருப்ப முடியாவிட்டால் திரைச்சீலையை முழுவதும் மூடிவிட்டு விளக்கை மட்டும் நம்புங்கள். ஒருபுறம் ஜன்னலின் நீலமும் மறுபுறம் விளக்கின் மஞ்சளும் விழுந்து முகம் இரு நிறமாகத் தெரிந்தாலும் இதுவே வழி: இரண்டில் ஒன்றை அணைக்க வேண்டும்.

படத்தில் கிடைக்கோட்டுப் பட்டைகள் மெல்ல ஊர்ந்தால், விளக்கின் துடிப்பும் கேமராவின் வேகமும் ஒத்துப்போகவில்லை. மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள நாடுகளில் விளக்கு நொடிக்கு 100 முறையும், 60 ஹெர்ட்ஸ் உள்ள நாடுகளில் 120 முறையும் துடிக்கிறது. கேமராவின் அமைப்பில் உங்கள் மின்சாரத்துக்குரிய எண்ணைத் தேர்ந்தெடுத்தால் பட்டைகள் நின்றுவிடும்.

அறிகுறி: மூக்குக்கண்ணாடியில் ஒளி மின்னிக் கண்ணை மறைக்கிறது

சுவரொளி முகத்தைத் தெளிவாக்கியதும் அவளுடைய கண்ணாடியில் இரண்டு வெள்ளைச் சதுரங்கள் தோன்றின. ஒளி எந்தக் கோணத்தில் விழுகிறதோ அதே கோணத்தில் திரும்பும் என்பதால், ஒளி மூலத்தைக் கேமராவின் பாதையிலிருந்து விலக்க வேண்டும். விளக்கைக் கண்ணுக்கு மேலே 40 சென்டிமீட்டர் அளவுக்கு உயர்த்தி ஒரு பக்கமாக நகர்த்திக்கொண்டே பதிவைப் பார்த்தோம். ஓரிடத்தில் வெள்ளைச் சதுரம் கண்ணாடியின் மேல் விளிம்பைத் தாண்டி மறைந்தது. எஞ்சியிருந்தது திரையின் பிரதிபலிப்பு. திரையின் பிரகாசத்தைக் குறைத்து, பின்னால் திறந்திருந்த வெள்ளைப் பக்கங்களை மூடியதும் அது பெரும்பாலும் அடங்கிவிட்டது. மீதிக்கு ஒரு பழைய புகைப்படக்காரர் உத்தி உண்டு: கண்ணாடியின் காம்புகளைக் காதின் மேல் சற்றே தூக்கி வைத்தால், கண்ணாடி கீழ்நோக்கிச் சாயும், பிரதிபலிப்பும் கீழே போய்விடும். நூலளவு தூக்கினால் போதும்; கூடினால் பார்ப்பதற்கு வேடிக்கையாக இருக்கும்.

அறிகுறி: குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒலிக்கிறது

நாற்காலியைப் பின்னால் நகர்த்தியதால் மடிக்கணினியின் மைக்கும் அவளிடமிருந்து 65 சென்டிமீட்டருக்குத் தள்ளிப் போயிருந்தது. தூரம் கூடும்போது வாயிலிருந்து நேராக வரும் ஒலி குறைகிறது. சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி ஏறத்தாழ அப்படியே இருக்கிறது. மைக்குக்கு அறையின் குரல்தான் கூடுதலாகக் கேட்கிறது. ஒலியளவைக் கூட்டினால் இரண்டும் சேர்ந்தே கூடும், எதிரொலிப்பு நீங்காது. மைக்கை வாய்க்கு அருகில் கொண்டுவருவதே தீர்வு. கம்பியுள்ள சாதாரண இயர்போனே இதற்குப் போதும். அதன் மைக் சட்டைக் கழுத்திலோ முடியிலோ உரசாமல் ஒரு கிளிப்பால் நிறுத்திக்கொள்ளுங்கள். தண்டு மைக் உள்ள ஹெட்செட் என்றால், மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் உதட்டோரத்திலிருந்து இரண்டு விரல் அளவு தள்ளி வையுங்கள். இல்லையேல் "ப" வரும் ஒவ்வொரு சொல்லிலும் மூச்சுக்காற்று மைக்கில் மோதும்.

ப்ளூடூத் ஹெட்செட் வைத்திருப்பவர்களுக்கு வரும் குறை தனி. பாட்டுக் கேட்கும்போது தெளிவாக இருக்கும் அதே ஹெட்செட், கூட்டத்தில் சேர்ந்ததும் பழைய தொலைபேசிபோல் மந்தமாகிவிடும். அதன் மைக் திறக்கப்பட்டதும் பல ஹெட்செட்கள் இருவழிப் பேச்சுக்கான முறைக்கு மாறிக்கொள்கின்றன. அந்த முறையில் ஒலியின் தரம் வெகுவாகக் குறுகிவிடுகிறது. செயலியின் ஒலி அமைப்பில் Speaker என்ற இடத்தில் ஹெட்செட்டையும், Microphone என்ற இடத்தில் கம்பி மைக்கையோ மடிக்கணினியின் மைக்கையோ தேர்ந்தெடுத்தால், இருபுறமும் ஒலி தெளியும்.

தம் குரலே திரும்பக் கேட்கிறது என்று குழுவினர் சொன்னால் குறை உங்கள் பக்கம்: உங்கள் ஒலிபெருக்கியில் வரும் அவர்கள் குரலை உங்கள் மைக் பிடித்துத் திருப்பி அனுப்புகிறது. இயர்போனை மாட்டியதும் அது நின்றுவிடும். உங்கள் குரல் உங்களுக்கே திரும்பக் கேட்டால் குறை அவர்கள் பக்கம். அதை நீங்கள் இங்கிருந்து தீர்க்க முடியாது. எனவே அமைப்புகளைக் கிளறாமல் அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

ஒவ்வொரு வாக்கியத்தின் முதல் அசையும் விழுங்கப்பட்டால், இரைச்சலை நீக்கும் வசதி மிகக் கடுமையாக வேலை செய்கிறது. மின்விசிறியை நிறுத்திவிட்டு அந்த வசதியைக் குறைந்த நிலையில் வையுங்கள்.

சுருக்கமாக முடிந்துவிடும் சில குறைகள்

படம் முழுவதும் பனி படர்ந்ததுபோல் இருந்தால் லென்ஸில் விரல் பட்டிருக்கிறது. மென்மையான துணியால் துடையுங்கள். கேமரா வரவே இல்லை என்றால், முதலில் லென்ஸின் மூடியைப் பாருங்கள். அடுத்து, வேறொரு செயலி கேமராவைப் பிடித்து வைத்திருக்கிறதா என்று பார்த்து அதை மூடுங்கள். அதன் பிறகே அனுமதி அமைப்புக்குப் போங்கள். பின்னணியை மங்கலாக்கும் வசதி காதின் ஓரத்தையோ முடியையோ தின்றால் அதை நிறுத்திவிட்டு வெற்றுச் சுவரின் முன் உட்காருங்கள். கணினியின் விசிறி இரைவதும் பல நேரம் அதோடு நின்றுவிடும்.

நேர்காணலின் நடுவில் படம் உறைந்து குரல் விட்டுவிட்டு வந்தால், காப்பாற்ற வேண்டியது குரலைத்தான். "இணைப்பு தடுமாறுகிறது, படத்தை ஒரு நிமிடம் நிறுத்திக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் கேமராவை அணைத்தால் மிச்சமாகும் அலைவரிசை குரலுக்குக் கிடைக்கும். அப்படியும் தேறாவிட்டால் கைப்பேசியின் வழியே சேரலாம். அதற்காகக் கூட்ட இணைப்பைக் கைப்பேசியில் முன்பே திறந்து வைத்திருங்கள், ஆனால் உள்ளே நுழைந்து காத்திருக்க வேண்டாம். ஒரே அறையில் இரண்டு கருவிகள் ஒரே கூட்டத்தில் ஒலியோடு இருந்தால் காதைப் பிளக்கும் ஊளை எழும். கைப்பேசியில் சேரும்போது கணினியில் கூட்டத்தை விட்டு வெளியேறிவிட்டே சேர வேண்டும். அந்தக் கைப்பேசியையும் அதே புத்தக அடுக்கின் மேல், படுக்கைவாட்டில், கண் மட்டத்தில் சாய்த்து வையுங்கள். கையில் பிடித்துக்கொண்டு பேசாதீர்கள்.